எத்தனை பேருக்கு வெந்நீர்?

நான் ஹீட்டர் விற்பவள். வீட்டுச் சாமான் கடையின் இரண்டாவது மாடியில், மிக்ஸிகளுக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவே, சுவர் நிறைய வெள்ளை வெளேரென்று ஹீட்டர்களை மாட்டி, அவற்றின் கீழே என்னையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வெந்நீரின் மகிமையைச் சொல்வேன். மறுநாள் காலை பச்சைத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க பஸ் பிடிப்பேன். அடைத்த மூக்கோடு, "வெந்நீர்ல குளிச்சா உடம்புக்கு அவ்வளவு நல்லது சார்" என்று நான் சொல்லும்போது சில பேர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் ஹீட்டர் இல்லாமல் இல்லை. பதினைந்து லிட்டர் டேங்க் ஹீட்டர் ஒன்று குளியலறையில் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் குளிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் மாமனார். அடுத்து என் வீட்டுக்காரர். அடுத்து கொழுந்தன். அவன் ஷவரைத் திறந்துவிட்டு அதன் கீழே நின்று பாடுவான். பாட்டு முடியவும் டேங்கில் சூடு தீரவும் சரியாக இருக்கும். அவன் துண்டோடு வெளியே வந்ததும் மாமனார் சுவிட்சை அணைத்து, "எல்லாரும் குளிச்சாச்சு" என்று அறிவிப்பார். நானும் மாமியாரும் எதிரே நின்றுகொண்டிருப்போம். அந்த எல்லாரில் நாங்கள் சேர்த்தி இல்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் துணிந்து நானே சுவிட்சைப் போட்டேன். மீட்டர் பெட்டிக்கு ஓடினார் மாமனார். "ஒரு ஆளுக்காக முழு டேங்கையும் மறுபடி சுட வைக்கணுமாம்மா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, துக்கம்தான் இருந்தது. அதோடு விட்டேன். மாமியாருக்கோ அந்தத் தொல்லையே கிடையாது. காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, மூடிய டப்பாவைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டுவார். ஆனால் குளியலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எனக்குப் பச்சத் தண்ணிதான் பழக்கம்" என்பார். பழக்கமென்றால் பழக்கம்தானே என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஹீட்டரின் அடியில் சொட்டத் தொடங்கியது. பிளம்பர் வந்து தட்டிப் பார்த்து, டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, இனி ஒட்டுப் போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புது ஹீட்டர் வரும். எந்த ஹீட்டர் என்பதில்தான் இனி என் காலைகள் எல்லாம் இருந்தன.

மாமனார் ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் வீட்டு மின்சார மந்திரி. தண்ணீர் வர வரச் சுட வைக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கலாம் என்று நான் சொல்லப்போக, அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் சட்டசபைதான்.

"இன்ஸ்டன்ட் ஹீட்டர் மூவாயிரம் வாட். டேங்க் ஹீட்டர் ரெண்டாயிரம் வாட். தினம் ஒரு மணி நேரம் போட்டா மாசத்துக்கு அது தொண்ணூறு யூனிட், இது அறுபது. இதுக்கு மேல பேச்சென்ன?"

"மாமா, ரெண்டும் ஒரே நேரம் ஓடாதே. மூவாயிரம் வாட் சீக்கிரம் சுட வச்சிட்டு நின்னுடும். ரெண்டாயிரம் வாட் மெதுவாச் சுட வைக்கும், அதனால கூட நேரம் ஓடும். பெரிய குழாயில பிடிச்சாலும் சின்னக் குழாயில பிடிச்சாலும் ஒரு குடம் ஒரு குடம்தானே?"

"நீ விக்கிறவ. நீ அப்படித்தான் சொல்லுவ."

இதைவிட வேடிக்கை உண்டா? நான் விற்பவள் என்பதாலேயே எனக்குத் தெரியாதாம். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அப்பா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்றார். தொண்ணூறும் அறுபதும் சமம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் கடைக்கே வந்துவிட்டார்கள். ஊழியர் வீட்டுக்குத் தள்ளுபடி உண்டென்று தெரிந்ததும் மந்திரிக்கு வந்த சுறுசுறுப்பு அது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக, "நம்ம ஹீட்டரம்மா வீட்டுக்காரங்களா!" என்று வரவேற்று, அந்த மாடியில் இருந்த ஒரே நாற்காலியை மாமனாருக்கு இழுத்துப் போட்டார். மாமியார் காட்சிக்கு வைத்திருந்த ஒரு சின்ன ஹீட்டரின் அருகே போய் நின்றுகொண்டார்.

"அதே பதினஞ்சு லிட்டர் டேங்க். அதுல நல்லதா ஒண்ணு எடு. ஏழாயிரத்துக்குள்ள இருக்கணும்" என்றார் மாமனார்.

மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது நான் எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டாக வேண்டும். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எத்தனை பேர் குளிப்பீங்க சார்?"

"மூணு பேர்."

ஒரு யோசனை இல்லை, ஒரு தயக்கம் இல்லை. அவர் எதிரிலேயே கடைச் சீருடையில் நான் நிற்கிறேன். நாலடி தள்ளி அவர் கட்டிய மனைவி நிற்கிறார். அதுவரை நாங்கள் வரிசையில் கடைசி என்றுதான் நினைத்திருந்தேன். வரிசையிலேயே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வீட்டுல அஞ்சு பேர் இருக்கோம் மாமா."

"உனக்குத்தான் வேலைக்கு ஓடுற அவசரம். அவளுக்கு வெந்நீர் ஒத்துக்காது."

நான் மாமியார் பக்கம் திரும்பினேன். "அப்படியா அத்தை?"

அவர் ஹீட்டரின் குமிழைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சரியாக மடங்கவில்லை. திரும்பாமலே சொன்னார்.

"ஒரு நாளாவது கிடைச்சிருந்தாத்தானே ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு தெரியும்?"

மேனேஜர் திடீரென்று இஸ்திரிப் பெட்டிகளில் ஏதோ வேலை இருப்பதாக நினைவு வந்து நகர்ந்தார். கொழுந்தன் கைப்பேசியை நோண்டினான். என் வீட்டுக்காரர் அண்ணாந்து மின்விசிறியை ஆராய்ந்தார்.

"நீதானே பச்சத் தண்ணி பழக்கம்னு சொல்லுவ?" என்றார் மாமனார்.

"சுவிட்ச்ச அணைச்சப்புறம் வேற என்னத்தச் சொல்றது?" என்றார் மாமியார்.

மந்திரி நாற்காலியில் நெளிந்த அந்த அருமையான நேரத்தை நான் வீணாக்கவில்லை. அவருக்கு நியாயம் புரியாது, கணக்குப் புரியும். ஆகவே கணக்கையே எடுத்தேன்.

"சரி மாமா, அஞ்சு பேருன்னே வைங்க. ஆளுக்கு ஒரு வாளி. வாளி இருபது லிட்டர். பதினஞ்சு லிட்டர் டேங்க் நல்லாச் சுட்டா, பச்சத் தண்ணி கலந்து ஒன்றரை வாளி தேறும். இருபத்தஞ்சு லிட்டருன்னா ரெண்டரை வாளி. அதுக்கப்புறம் மறுபடி சுட அரை மணி நேரம் காத்திருக்கணும். விலை பத்தாயிரத்தத் தொடும். இந்தச் சின்னது மூணு லிட்டர்தான். ஆனா தண்ணி வர வரச் சுட்டுக்கிட்டே இருக்கும். யாருக்கும் தீர்ந்து போகாது. மூவாயிரத்து ஐந்நூறு."

மூவாயிரத்து ஐந்நூறு என்றதும் அவர் கண்ணில் உயிர் வந்தது.

"கரண்டு?"

"ஒரு வாளிக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அஞ்சு வாளிக்கு ரெண்டு யூனிட் சொச்சம். மாசம் அறுபது, அறுபத்தஞ்சு. யூனிட் ஏழு ரூபான்னா நானூத்தம்பது ஆகும். அவ்வளவு தண்ணி சுட எந்த ஹீட்டர் வாங்கினாலும் இந்தச் செலவு உண்டு. டேங்க்ல சுட வச்சுச் சேர்த்து வச்சா அது சும்மாவே ஆறும். நீங்க ஊர்ல இல்லாதப்ப உங்க பெரிய பையன் பண்ற மாதிரி தினம் சுவிட்ச்சப் போட்டுட்டு ஆபீஸ் போயிட்டா, அந்த ஆறுற சூட்டுக்கே மாசம் இருபது யூனிட் தண்டம். குளிக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டா அந்த நஷ்டம் கம்மிதான். அதையும் சொல்லிடறேன்."

என் வீட்டுக்காரர் மின்விசிறியிலிருந்து இறங்கி வந்து முறைத்தார்.

"குறை ஒண்ணுமே இல்லியா இதுல?" என்று கேட்டார் மாமனார்.

"இருக்கு. தண்ணி மெதுவாத்தான் வரும். வாளி நிறைய எட்டு ஒம்பது நிமிஷம் ஆகும். ஷவர்ல குளிச்சா நூல் மாதிரி விழும். குழாயப் பெரிசாத் திறந்தா வெதுவெதுன்னு வரும், அவ்வளவுதான். அப்புறம், கூடக் கரண்டு இழுக்கிறதால தடிச்ச வயரும் தனி பிரேக்கரும் போட்டாகணும். பழைய வயர்ல மாட்டினா வயர் சூடாகும்."

"அப்ப ஷவர்?" என்று அலறினான் கொழுந்தன்.

"வாளியில பிடிச்சுக் குளிடா. கையென்ன தேஞ்சா போயிடும்?" என்றார் மாமியார். அன்றைக்கு அவர் வாய்ப் பூட்டு கழன்றிருந்தது.

மாமனார் மனதுக்குள் பத்தாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறைக் கழித்தார். வயருக்கும் கூலிக்கும் கொஞ்சம் கூட்டினார். மறுபடி கழித்தார். அப்போதும் மூன்று பேர் என்று வைத்துப் பதினைந்து லிட்டருக்குத் திரும்ப அவருக்கு ஆசைதான். மாமியார் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்து அந்த ஆசையை விழுங்கினார். "இந்தச் சின்னதையே போடு" என்றார். பெரிய டேங்க் ஒன்று விற்றுவிடலாம் என்று திரும்பி வந்த மேனேஜரின் முகம் சுருங்கியதை நான் பார்க்காத மாதிரி பில்லைப் போட்டேன்.

எலக்ட்ரீஷியன் வந்து வயரை மாற்றினார். மாமனார் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடி வயருக்கும் பெருமூச்சு விட்டார். மறுநாள் காலை புது ஹீட்டரைத் தொடங்கி வைக்கத் துண்டும் சோப்புமாக மந்திரி தயாராக வந்தார். குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே சுவரில் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்தது.

வரிசையில் முதல் ஆள் வெளியே நிற்க, இல்லாத ஆள் உள்ளே போயிருந்தார்.

தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடி வாளியில் விழுந்தது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார்கள். நானும் நின்றேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மாமனார் சுவிட்சின் மேல் கையை வைத்தார்.

"போதும்! தீர்த்துடாத, நாங்களும் குளிக்கணும்!"

"இதுல தீர்றதுக்கு ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.

உள்ளே மொண்டு ஊற்றும் சத்தம் நின்றது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. சண்டைக்கு வரும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏங்க, நீங்கல்லாம் தினமும் இப்படித்தான் குளிச்சீங்களா?"

மாமனார் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு வாளி நிறையத் தொடங்கியது.

நான் அன்றைக்குக் குளிக்காமலே வேலைக்குப் போனேன்.