கேட்காமல் மாற்றிய அளவுகள்

காலை பத்து இருபதுக்குக் குகதாசன் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினான். ‘போட்டாச்சு ரீச்சர்’ என்று கீழே எழுதியிருந்தான். விலைப்படிவத்தை நிரப்பி உறைக்குள் வைப்பதற்கு முன்னர் எடுத்த படம். இருபத்திமூன்று வரிகளும் குண்டு குண்டான எழுத்தில், ஒரு வெட்டுக்கூட இல்லாமல் இருந்தன.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவன் பதினெட்டு வருடமாகக் கொழும்புக் கம்பனிகளுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரனாக நின்று கட்டிடம் கட்டியவன். கிளிநொச்சியில் பாதிப் பள்ளிக்கூடங்களின் சுவர் அவனுடைய ஆட்கள் எழுப்பியதுதான், பெயர்ப்பலகையில் மட்டும் வேறு யாருடைய பெயரோ இருக்கும். இந்த முறைதான் முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரில் விலை போடுகிறான். ஒரு தொண்டு நிறுவனம் சிறுவர் பாடசாலை ஒன்று கட்ட விலை கேட்டிருந்தது. பத்திரம் முழுக்க ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்ற பிறகு நீதிமன்றத்துக்கு எதிரே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகை போட்டிருக்கும் என்னிடம் போன கிழமை கொண்டுவந்து தந்தான். இந்த வேலை கிடைத்தால் இனி ஒருத்தனுக்குக் கீழேயும் நிற்கத் தேவையில்லை என்று அன்றைக்கே இரண்டு தரம் சொன்னான்.

நான் பதினான்கு பக்கத்தையும் தமிழாக்கி, ‘உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திக் கொடுத்தேன். ஆங்கில மூலம் என் கோப்பில் இருந்தது. விலைப்படிவத்தையும் வரைபடத்தையும் தமிழ்ப் பிரதியையும் அவன் கொண்டுபோயிருந்தான். சும்மா இருந்த கை, அவன் அனுப்பிய படத்தையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

பதினோராவது வரி, சுவர்ப் பூச்சு. அவன் போட்டிருந்த விலை நூற்று நாற்பத்தைந்து ரூபாய். மூலத்தில் அளவு நானூற்றுப் பத்து சதுர மீற்றர்.

என் தமிழில் அது நாலாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று சதுர அடி. நான்தான் மாற்றினேன். மீற்றர் வந்த இடமெல்லாம் அடியாக்கி, ஒவ்வொன்றையும் கணிப்பானில் இரண்டு தரம் தட்டிச் சரிபார்த்து, மேசன்மார் புழங்குகிற அளவில் கொடுத்தால் பாவம் அவனுக்கு லேசாக இருக்கும் என்று நினைத்துச் செய்த வேலை. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவன் திருப்பிக் கொடுக்கிற படிவத்தில் அளவுக்கோ அலகுக்கோ நிரல் கிடையாது. வரி இலக்கம், விலை, தொகை, அவ்வளவுதான். ‘விலை, இணைப்பு ஒன்றில் உள்ள அலகுக்கு’ என்று மேலே ஒரு வரி. இணைப்பு ஒன்று என்பது அவர்களின் ஆங்கில அளவுப்பட்டியல், அதில் அலகு மீற்றர். அவன் போட்டதோ அடிக்கு விலை.

தொகையைக் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஒன்பதாம் நிபந்தனை நினைவுக்கு வந்தது: அலகு விலைக்கும் தொகைக்கும் முரண் வந்தால் அலகு விலையே செல்லும், தொகை திருத்தப்படும். அதையும் நான்தான் அழகாகத் தமிழில் எழுதியிருந்தேன். அவர்கள் நூற்று நாற்பத்தைந்தை நானூற்றுப் பத்தால் பெருக்குவார்கள். ஆறரை இலட்சத்துப் பூச்சு வேலை அறுபதினாயிரத்துக்கும் கீழே இறங்கும். கொங்கிறீற் வரியில் இன்னும் மோசம், அது முப்பத்தைந்தில் ஒரு பங்காகும். அந்த விலைக்கு ஒத்துக்கொண்டால் அவன் தெருவில் நிற்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டிய வைப்புப் பணமும் போய், இனி விலை கேட்கக்கூடாத ஆட்களின் பட்டியலில் அவன் பெயரும் ஏறும்.

விலை உறைகள் போடுகிற பெட்டியை மூடுகிற நேரம் பிற்பகல் இரண்டு மணி.

கைபேசியில் அவனுக்கு ஏழு தரம் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. நிறுவனத்தின் கொள்வனவு அலுவலர் அனுசியாவுக்கு எடுத்தேன். உறை பெட்டிக்குள் விழுந்துவிட்டது, திருப்பித் தர முடியாது என்றாள். பிறகு தானாகவே சொன்னாள், இரண்டு மணிக்கு முதல் புதிய படிவத்தை வேறு உறையில் ஒட்டி, மேலே ‘மாற்றீடு’ என்று எழுதி, விலை போட்டவரே ஒப்பமும் சீலும் வைத்துக் கொண்டுவந்தால் பழையதைத் திறக்காமல் ஒதுக்கிவிடுவார்களாம். ஒரு நிமிடம் பிந்தினாலும் இல்லை. குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

ஆங்கில மூலத்தையும் கோப்பில் இருந்த வெற்றுப் படிவத்தின் பிரதி ஒன்றும் பெரிய உறை ஒன்றும் எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். தருமபுரத்தில் ஒரு வீட்டுக்குக் கொங்கிறீற் கூரை, சிலாப், போடுகிறான் என்று மட்டும் தெரியும். எந்த வீடு என்று தெரியாது. பரந்தன் சந்தியில் ரயில் கடவை மூடிக் கிடந்தது. ரயிலைக் காணவில்லை, கதவை மட்டும் இறக்கிவிட்டுக் கடவைக்காரன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ஓட்டோக்காரத் தம்பி பாட்டைக் கூட்டி வைத்தான். குறைக்கச் சொல்லிச் சீறினேன், பாவம், அவன் நிறுத்தியே விட்டான். பிறகு அந்த அமைதியையும் என்னால் தாங்க முடியவில்லை. மடியில் கணிப்பானை வைத்துப் பூச்சு விலையைத் திரும்பத் திரும்பப் பெருக்கினேன். ஒவ்வொரு தரமும் அதே ஆயிரத்து ஐந்நூற்று அறுபதுதான் வந்தது.

தருமபுரத்தில் கொங்கிறீற் மிக்சரின் சத்தத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. குகதாசன் மேலே கம்பி வலைக்கு நடுவில், முழங்கால் வரை சீமெந்தோடு நின்றான். இறங்கி வரச் சொல்லிக் கை காட்டினேன். சிலாப் பாதியில் நிற்கக்கூடாது, நின்றால் ஒட்டாது, கொஞ்சம் பொறுங்கோ என்று மேலிருந்தே சைகை காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. அவன்மேல் இல்லை. மிக்சரை மீறிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, ஆனால் தலைமை மேசனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு இறங்கி வந்தான்.

நான் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. முடிந்ததும் கையை ஒரு பழைய சாக்கில் துடைத்தான்.

“ரீச்சர், வரைபடத்தில மில்லிமீற்றர் கிடக்கு, கணக்கில அடி கிடக்கு. வெளிநாட்டுக்காரன் ஏன் அடியில கேக்கிறான் எண்டு நான் ஒரு இரவு முழுக்க யோசிச்சனான். உங்கட சீல் இருந்ததாலதான் விட்டனான்.”

“உங்களுக்கு லேசா இருக்கட்டும் எண்டுதான் தம்பி...”

“ஆர் கேட்டது?”

நான் வெற்றுப் படிவத்தை நீட்டினேன், அவன் வாங்கவில்லை.

“கம்பனிக்காரன் பதினெட்டு வருசமா எனக்கு மீற்றரிலதான் கணக்குத் தந்தவன். எனக்கு இங்கிலிசுதான் தெரியாது. மேசன் எண்டா அடியைத் தவிர ஒண்டும் விளங்காதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. நானே முடிவெடுத்தது. இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த திமிர், எதிரில் வருகிறவன் எல்லாரும் ஐந்தாம் வகுப்பு என்று நினைக்கிற பழக்கம். வெட்கத்தில் காது சுட்டது.

அவன் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தான். அதில் இருபத்திமூன்று வேலைக்கும் விலை இருந்தது, எல்லாம் மீற்றருக்கு. தனக்குப் பழக்கமான மீற்றர் விலையை முதலில் எழுதி, என் தமிழ்ப் பிரதிக்குப் பொருந்த வேண்டும் என்று இரவிரவாக இருந்து ஒவ்வொன்றையும் அடிக்கு மாற்றியிருக்கிறான். நான் போன அதே வழியால் அவனும் போயிருக்கிறான், அதுவும் வீணாக. இதை அவன் சொல்லிக்காட்டவில்லை, பக்கத்தைப் பார்த்ததும் எனக்கே விளங்கியது.

சீமெந்துப் பைகளின் மேல் படிவத்தை விரித்தோம். நான் மூலத்திலிருந்து அலகையும் அளவையும் வாசிக்க வாசிக்க அவன் எழுதினான். கம்பி கிலோவுக்கு, கதவு யன்னல் எண்ணிக்கைக்கு, அவை மாறவில்லை. அத்திவாரக் கொங்கிறீற் கன மீற்றருக்கு நாற்பத்தெட்டாயிரம். பூச்சு ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. தாழ்வாரத் தரையை நான் வாசித்தபோது நிறுத்தினான்.

“தடிப்பு எவ்வளவு எண்டு போட்டிருக்கு?”

“எழுபத்தைஞ்சு மில்லிமீற்றர்.”

“நீங்கள் மூண்டு இஞ்சு எண்டெல்லோ எழுதினீங்கள்.”

“கிட்டத்தட்ட அதுதானே...”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் எழுபத்தைந்து என்று திரும்பவும் வாசித்தேன். அதற்குப் பிறகு ‘கிட்டத்தட்ட’ என்ற சொல் என் வாயில் வரவில்லை.

ஒப்பம் வைத்து, சீல் குத்தி, உறையை ஒட்டும்போது ஒன்று ஐந்து. ஓட்டோவை நம்ப முடியாது என்று என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றினான். ஐம்பத்தாறு வயதில், சேலையை ஒரு கையாலும் உறையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் முதுகுச் சீமெந்து என் சேலையில் அப்ப, பள்ளம் பிட்டி பாராமல் போனோம். கடவை திறந்திருந்தது. கரடிப்போக்கில் ஒரு மாட்டுக் கூட்டம் மறித்தது. இறங்கி நானே கையை வீசி விரட்டினேன்.

அனுசியா உறையை வாங்கி நேரம் எழுதியபோது ஒன்று ஐம்பத்து மூன்று.

இரண்டே காலுக்கு எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்தார்கள். விலை போட்ட மூன்று பேரும் வந்திருந்தார்கள். மாற்றீட்டை முதலில் எடுத்து வைத்து, பழைய உறையை ஒட்டியது ஒட்டியபடி அனுசியா ஓரமாக வைத்தாள். மற்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசி நேரத்தில் விலையை மாற்றினால் யாரோ உள்ளுக்குள்ளிருந்து காதில் ஓதிவிட்டார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். ஒருவர் வாய்விட்டே கேட்டார், ஏன் மாற்றினது என்று. அனுசியா குகதாசனைப் பார்த்தாள்.

“மொழிபெயர்ப்புப் பிழை,” என்றான். என்னைப் பார்க்கவில்லை.

அவன் என் பெயரைச் சொல்லவில்லை. நான் கதவோரத்தில் நின்றேன், பேசாமல் நின்றிருக்கலாம். மற்ற இரண்டு பேரும் என்னிடம் கடிதம் எழுதுவிக்க வருகிறவர்கள்.

“நான்தான் மொழிபெயர்த்தது. அவர் கேக்காமலே அலகை மாத்தினனான். சில்லறையைத் தவிரத் தொகை மாறேல்லை, பழையதைப் பிறகு திறந்தாலும் தெரியும்,” என்றேன். அனுசியா அதை அப்படியே குறிப்பில் எழுதி, கீழே ஒப்பம் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

எண்பத்து நான்கு இலட்சத்துப் பதினாறாயிரம் என்று அவனுடைய தொகையை வாசித்தாள். மற்ற இரண்டும் எண்பத்தேழுக்கு மேலே. கணக்குச் சரிபார்த்து இரண்டு கிழமையில் அறிவிப்பார்கள். ஆனால் கணக்குச் சரிதான் என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வெளியே அவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளினான். சிலாப் என்ன ஆனதோ என்ற யோசனை அவனுக்கு. நான் வாங்கிய கூலியைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றான், கோபமாகக்கூட இல்லை.

“காசை வையுங்கோ. அந்தச் சீலை எனக்கு மட்டுமே குத்தினனீங்கள்? மற்றவையின்ரையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”

போய்விட்டான்.

என் மொழிபெயர்ப்புக் கடைக்கு வந்து கோப்பலுமாரியைத் திறந்தேன். தை மாதத்திலிருந்து பார்க்கலாம் என்று தொடங்கினேன். நான்காவது கோப்பு, ஒரு கண் வைத்தியரின் கடிதம். பிள்ளைக்குப் பார்வை திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்தத் தாய் என் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். நான் ‘பார்வை திரும்ப நாளெடுக்கும்’ என்று எழுதி முத்திரை குத்தியிருந்தேன். கோப்பின் மேலே அவளுடைய கைபேசி இலக்கம் இருந்தது.