பதினான்குக்குப் பதினான்கு

அஞ்சலாவும் றஹீமாவும் ஆடிய ஆட்டம் பதினான்குக்குப் பதினான்கில் நின்றுபோனது. கரண்ட் போனதுதான் காரணம். வாள்வீச்சில் ஃபொயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள். மாகாணப் போட்டிக்கு ஃபொயில் பிரிவில் மன்னார் மாவட்டத்திலிருந்து ஒருத்திதான் போகலாம். பதினைந்தாவது புள்ளியை எடுப்பவள் போவாள். பயிற்றுநர் கொலின்ஸ் இருட்டில் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தபடி, "நாளைக்கு முடிப்பம், பிள்ளையள்" என்றார்.

அன்று மழைக்குள் வீட்டுக்குப் போன அஞ்சலாவின் ஸ்கூட்டியைத் தள்ளாடி என்ற இடத்தில் ஒரு லொறி அடித்தது. பள்ளிமுனைக் கத்தோலிக்கக் கோயிலில் அவளுடைய அடக்கப் பூசை நடந்தபோது றஹீமா வெளியே வேம்பின் கீழ் நின்றாள். பிறகு பல நாள் பயிற்சிக்கு வரவில்லை.

வந்த அன்று ஃபொயில் வாளை அவள் தொடவில்லை. "சேர், நான் எப்பே பிடிக்கிறன்" என்றாள்.

கொலின்ஸ் ஏன் என்று கேட்கவில்லை. மண்டபத்தில் அவர்கள் இருவரும்தான். கடற்காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. றஹீமா சட்டைக்குள் வயரை விட்டு, கேபிளைத் தானே உள்ளே சுருட்டும் சுருள்பெட்டியில் மாட்டி, சுவரில் கட்டியிருந்த தோல் மெத்தையைக் குத்தத் தொடங்கினாள். எப்பேயில் உடம்பு முழுவதும் இலக்கு, காலின் பெருவிரல்கூட. நுனி எதில் அழுந்தினாலும் புள்ளி காட்டும் பெட்டியில் விளக்கு எரியும். மெத்தையில் குத்தக் குத்த அவளுடைய சிவப்பு விளக்கு எரிந்தது.

பிறகு சிவப்போடு பச்சையும் எரிந்தது.

பச்சை எதிராளியின் விளக்கு. எதிர்ப்பக்கத்துக் கேபிளில் வாளே மாட்டப்பட்டிருக்கவில்லை.

"பெட்டி பழுது" என்றார் கொலின்ஸ்.

மறுபடி குத்தினாள். மறுபடி இரண்டும் எரிந்தன. அவள் குத்தாமல் நின்றபோது ஒன்றும் எரியவில்லை.

கொலின்ஸ் பெட்டியைச் சேபருக்கு மாற்றினார். இரண்டு பக்கமும் சேபர் வாள்களை மாட்டினார். ஒன்றை மேசையில் வைத்தார், மற்றதை றஹீமாவிடம் கொடுத்து, உலோகச் சட்டையும் போடச் சொன்னார். சேபரில் இடுப்புக்கு மேலே தலை, கை, உடம்பு எல்லாம் இலக்கு; குத்தவும் வேண்டாம், வெட்டினாலே போதும், வாளின் அலகு எதிராளியின் உலோகத் துணியில் பட்டால் விளக்கு எரிந்துவிடும். றஹீமா காற்றை வெட்டினாள், முன்னும் பின்னும் ஓடினாள். பெட்டி இருண்டே கிடந்தது.

"பழுதெண்டால் இதிலயும் எரியோணுமே" என்று கொலின்ஸ் முணுமுணுத்தார்.

றஹீமா முகக்கூட்டைக் கழற்றினாள். "சேர், அஞ்சலா சேபர் பிடிச்சதே இல்லை."

அவர் அவளைப் பார்த்தார். வெளியே மழை தொடங்கியிருந்தது.

"அவளுக்கு ஆட்டம் முடியேல்ல, சேர்."

"விசர்க் கதை கதையாதை, பிள்ளை."

"அப்ப முடிச்சுப் பாப்பம்."

அவருக்கு அவளைத் தடுக்கத்தான் தோன்றியது. ஆனால் அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது. "எப்பேயிலயே முடி" என்றார். "அதில ஆற்ற தாக்குதலுக்கு முன்னுரிமை எண்ட கதை இல்லை. ஆர் முதல்ல குத்தினதெண்டு பெட்டியே சொல்லும். நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"எப்பேயில முடியாது, சேர். ரெண்டு பேரும் ஒரே நேரம் குத்தினா மற்ற நேரத்தில ஆளுக்கொரு புள்ளி. பதினாலுக்குப் பதினாலில ஒருத்தருக்கும் இல்லை. நான் குத்தேக்க எல்லாம் அவளும் குத்துறாள். பாத்தீங்கதானே? சாகும்வரைக்கும் குத்திக்கொண்டு நிக்கோணும்."

கொலின்ஸ் இருண்டு கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃபொயிலில ரெண்டு லைற் எரிஞ்சாலும் ஒருத்திக்குத்தான். ஆரெண்டு நீங்கள் சொல்லோணும்."

றஹீமா சேபர்களைக் கழற்றித் தன் ஃபொயிலை மாட்டினாள். பெட்டியை ஃபொயிலுக்கு மாற்றியதும் எதிர்ப்பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தது. வாள் மாட்டாவிட்டால் ஃபொயிலில் அப்படித்தான் எரியும். கொலின்ஸ் அதைக் கண்டு ஆறுதல்கூடப் பட்டார். அஞ்சலாவின் ஃபொயில் வாளும் உலோக அங்கியும் அலுமாரியில் இருந்தன. அங்கியைக் கதிரை முதுகில் மாட்டி, வாளைக் கதிரையில் சாய்த்து, வயரைத் தொடுத்தார். வெள்ளை அணைந்தது.

றஹீமா தன் அங்கியைப் போட்டுக்கொண்டாள். ஃபொயிலில் அந்த அங்கி மூடும் உடம்பு மட்டுமே இலக்கு. கையிலோ காலிலோ பட்டால் வெள்ளை எரியும், ஆட்டம் நிற்கும், புள்ளி கிடையாது. பச்சை எரிய வேண்டுமானால் அஞ்சலாவின் வாள் நுனி றஹீமாவின் அங்கியிலேயே அழுந்த வேண்டும். அந்த வாளோ கதிரையில் சாய்ந்து கிடந்தது.

றஹீமா கதிரைக்கு வாளை உயர்த்தி வணங்கினாள். "பிஸ்மில்லாஹ்" என்பது முகக்கூட்டுக்குள்ளிருந்து கேட்டது.

"தயாரா?" என்றார் கொலின்ஸ். "ஆடுங்கோ."

அவள் மெதுவாக முன்னேறினாள். அப்போது எதிர்ப்பக்கத்துச் சுருள்பெட்டி கிறீச்சிட்டது. கேபிள் உள்ளே இழுபடும்போது வரும் சத்தம் அது. எதிராளி பின்வாங்கும்போது அப்படி வரும். கதிரை அசையவில்லை.

றஹீமா கையை நீட்டிப் பாய்ந்தாள்.

இரும்பில் இரும்பு பட்ட சத்தத்தைக் கொலின்ஸ் கேட்டார். றஹீமாவின் அலகு பக்கவாட்டில் தெறித்ததைக் கண்ணால் கண்டார். அவள் மணிக்கட்டைத் திருப்பி மறுபடியும் நீட்டினாள். நுனி கதிரையின் அங்கியில் அழுந்தியது. அதே நேரத்தில் அவள் ஒரு பக்கம் சுருண்டு "ஆ" என்றாள்.

சிவப்பு. பச்சை. இரண்டும் சேர்ந்து.

"நிறுத்துங்கோ."

மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும். இரண்டு விளக்குகளும் பெட்டியில் எரிந்துகொண்டிருந்தன. றஹீமா தொடக்கக் கோட்டுக்குப் போய் முகக்கூட்டோடு நின்றாள். கோட்டின் மறுபக்கத்தில் யாரோ நிற்பதுபோல, கொலின்ஸின் கண்கள் தாமாகவே அங்கும் போயின.

உயிரோடிருப்பவளுக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். இடம் எப்படியும் அவளுக்குத்தான். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருந்தார். பதினைந்து வருடமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் தீர்ப்புச் சொல்லி வந்தார்.

"இடப்பக்கம் தாக்குதல்" என்று றஹீமாவின் பக்கம் கையை நீட்டினார். "வலப்பக்கம் தட்டி விலக்கினது. பதிலடி, இலக்கில." மற்றக் கையை வெறும் கோட்டை நோக்கி உயர்த்தினார். "தட்டுப்பட்டாப் பிறகு திருப்பிக் குத்தினதுக்கு முன்னுரிமை இல்லை. புள்ளி அஞ்சலாவுக்கு. பதினைஞ்சுக்குப் பதினாலு."

பச்சையும் சிவப்பும் அணைந்தன. சுருள்பெட்டி சத்தமில்லாமல் இருந்தது.

றஹீமா முகக்கூட்டைக் கழற்றி, வாளை உயர்த்தி வணங்கினாள். பிறகு நடந்துபோய், கைகுலுக்குவதற்காக வாள் பிடிக்காத கையை நீட்டினாள். நீட்டியவள் சட்டென்று திடுக்கிட்டு அதை இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது.

"எனக்கும் அப்படித்தான் பட்டது, சேர்" என்றாள். "அவள் எப்பவும் இந்த விலாவுக்குக் கீழதான் வருவாள்."

கொலின்ஸ் கதிரையிலிருந்து அங்கியை எடுத்தார். அதன் உள்பக்கம் ஈரமாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல வெதுவெதுப்பாகவும் இருந்தது. அதை றஹீமாவிடம் அவர் சொல்லவில்லை. மறுநாள் கோயில் பூசைக்குப் பிறகு அஞ்சலாவின் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் நடந்த மாகாணப் போட்டிக்கு றஹீமா எப்பே பிரிவில் போனாள். இரண்டு ஆட்டம் வென்று, மூன்றாவதில் தோற்றாள். ஃபொயில் பிரிவில் மன்னாரின் பெயரை அழைத்தபோது யாரும் எழவில்லை.

"உங்கட மாவட்டத்தில ஃபொயிலுக்கு ஆள் இல்லையோ?" என்று மேசையில் இருந்தவர் கேட்டார்.

"இருக்கினம்" என்றார் கொலின்ஸ். "வெண்டவ வரேல்ல."