கல்விக் கட்டணத்தின் மேல் குங்குமம்

அப்பாவின் போனில் ரசீது தேடுவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஆட்டுக்குட்டி, கரண்ட் பில், யார் வீட்டுக் காதுகுத்தோ, இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் ஃபீஸ் ரசீதுகள் கிடந்தன.

அப்பா வீரமுத்து அரியலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். வருமான வரியில், கழிவுகள் கேட்கக்கூடிய பழைய முறைக்காரர். பிள்ளைகளின் ஃபீஸைக் கழிக்கக் கேட்டு, வருஷத்து ரசீதுகளை நாளைக்குப் பள்ளி ஆபீசில் கொடுக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து கட்டியவற்றை மட்டும் தேதிவாரியாக அடுக்கினேன். கல்விக் கட்டணம்தான் கணக்கு. தம்பி ராஜராஜனின் வேன் ஃபீஸும் என் பரீட்சைக் கட்டணமும் வெளியே.

கடைசியாக என் பெரம்பலூர் காலேஜ் ரசீது. அடக் கடவுளே! கல்விக் கட்டணம் என்ற வரியில் தொகை இருக்கும் இடத்தில் பெரிய குங்குமப் பொட்டு. படம் ஃபீஸ் கட்டிய அன்றே எடுத்தது. கூட்டுத்தொகையை மட்டும் காட்டினால் ஆபீசில் ஏற்க மாட்டார்கள்.

"அம்மா, என் ரசீதுல ஏன் குங்குமம் வச்ச?"

"நானா? நீ ஃபீஸ் கட்டுன அன்னிக்கு நான் எறையூர்ல அக்கா வூட்லல்ல இருந்தேன்!"

தம்பியைக் கேட்டேன். "எம் பரீட்சைக்கே நான் சாமி கும்புட மாட்டேன்," என்றான்.

மீதி இருப்பது ஒரே ஆள். கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்கிற ஆள். நான் ஜியாலஜி எடுத்த நாளிலிருந்து, "கல்லப் படிக்க ஒரு காலேஜா?" என்று முணுமுணுத்த ஆள். அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால், "மொதல்ல இது முடியட்டும், பாப்போம்," என்பார். படிப்பை நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம். இவரா பொட்டு வைத்தார்?

தம்பியின் ரசீதுகளை மறுபடி பார்த்தேன். ஒன்றிலும் பொட்டு இல்லை.

அப்பா கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன்.

"அப்பா, தொகை தெரியல. ஒரிஜினல் எங்க?"

படத்தைப் பார்த்தவர் உள்ளே போனார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கவரை எடுத்துவந்தார். ரசீது மடிப்புக் கலையாமல் இருந்தது. பஞ்சால் மெல்லத் துடைத்தேன். சிவப்புக் கறை ஒட்டிக்கொண்டாலும் தொகை தெளிவாகத் தெரிந்தது. புதிதாகப் படம் எடுத்து அடுக்கில் சேர்த்தேன்.

"நீங்களாப்பா வச்சீங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எடம் பாக்காம வச்சிட்டேன்," என்றார். "அடுத்த வருச ரசீதுல ஓரமா வச்சிடறேன்."