பிரவுசருக்குள் சானாவின் குரல்

இல்போ கதவைத் திறந்ததுமே உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஷூவ கழட்டிட்டு வா. வெளில பூரா சேறு."

வானிலை அறிக்கை வாசிப்பவளின் குரல் போலிருந்தது. துல்லியமான உச்சரிப்பு, எந்த வார்த்தையிலும் கனமில்லை. சானாவின் டேப்லெட் பேசியது. சக்கர நாற்காலியில் பொருத்திய கம்பியில் அவள் முகத்துக்கு நேராக நின்றது அது. அவள் கண் எந்த எழுத்தின் மேல் தங்குகிறதோ அந்த எழுத்து திரையில் விழும். வாக்கியம் முடிந்ததும் ஓரத்தில் இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் டேப்லெட் அதைப் பேசிவிடும். ஒரு வருடமாக அவள் உடம்பில் மூச்சையும் கண்களையும் தவிர மற்ற எல்லாவற்றையும் நோய் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்திருந்தது.

"வானிலைக்காரி இன்னைக்கு ரொம்ப அதட்டுறாளே" என்றான் இல்போ.

"எனக்கும் அவள பிடிக்கல. அதான உன்ன கூப்பிட்டேன்."

சமையலறையிலிருந்து அவள் கணவன் வெய்க்கோ காபிக் கோப்பைகளோடு வந்தான். தாம்பெரே நகரத்தில் டிராம் ஓட்டுபவன், பெரிய உருவம். அந்தச் சின்ன வீட்டில் எப்போதும் எதிலாவது இடித்துக்கொண்டே இருப்பான். "இன்னைக்காவது அவ குரல்லயே பேச வச்சிருவியா?" என்று கேட்டான். இல்போவின் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான்.

சானாவும் இல்போவும் ஒரே சிறிய நிறுவனத்தில் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. எழுத்தைப் பேச்சாக மாற்றுவது அவர்கள் வேலை. நோய் என்னவென்று தெரிந்த குளிர்காலத்தில் சானா தினமும் அலுவலகத்தின் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து வாசித்தாள். செய்தி, சமையல் குறிப்பு, கெட்ட வார்த்தை எல்லாம். அந்தப் பதிவுகளிலிருந்து அவளுடைய குரலில் எதை வேண்டுமானாலும் பேசக்கூடிய நிரலையும் அவளே சி++ மொழியில் எழுதினாள். நாக்கு தடுமாறத் தொடங்கிய பிறகு எழுதி முடித்த கடைசி நிரல் அது.

அதை டேப்லெட்டில் நிறுவ வழியில்லை. டேப்லெட்டும் கண்ணசைவைப் பார்க்கும் கருவியும் அரசு மருத்துவ சேவைகளை நடத்தும் நலப்பகுதி நிர்வாகம் இரவல் கொடுத்தவை. அதில் எதையும் நிறுவ முடியாது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கலாம், அவ்வளவுதான். சானாவின் குரல் நோயாளித் தகவலில் சேர்த்தி என்பதால் அதை வெளி சர்வருக்கு அனுப்பிக் கணக்குப் போட்டு வாங்கவும் அனுமதி கிடையாது. எல்லாமே அந்தப் பிரவுசருக்குள்ளேயே நடக்க வேண்டும். முதலில் இல்போ முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டில் மாற்றி எழுதிப் பார்த்தான். பேச்சு திக்கியது. பிறகு வழக்கமாக எல்லோரும் செய்வதைச் செய்தான். ஒலியலையைக் கணக்கிடும் அந்த ஒரு பகுதியை மட்டும் சானா எழுதிய சி++ வடிவிலேயே வைத்துக்கொண்டு வெப்அசெம்பிளியாகத் தொகுத்தான். எந்தக் கணினிக்கும் பொதுவான கட்டளைகளாக அது பிரவுசருக்குப் போகும். பிரவுசர் அதைத் தன் கருவியின் இயந்திர மொழிக்கு மாற்றி, ஏறக்குறைய நிறுவிய நிரலின் வேகத்திலேயே ஓட்டும்.

அலுவலகத்தில் அப்படித்தான் ஓடியது. இதே மாதிரி டேப்லெட் ஒன்றைக் கடையில் வாங்கி வந்து சோதித்தான். சானாவின் குரல் தடையில்லாமல் வந்தது, கணக்கு பேச்சை முந்திக்கொண்டு முடிந்தது. மேசையில் தனியாக உட்கார்ந்து அவள் பதிவு செய்திருந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேச வைத்துச் சிரித்தான்.

இந்த வீட்டு டேப்லெட்டில்தான் அது திக்கித் திக்கி நின்றது. வாரக்கணக்கில் காரணம் புரியவில்லை. ஒரே மாடல், ஒரே பிரவுசர். கடைசியில் நலப்பகுதியின் கணினிப் பிரிவில் மார்கெத்தா என்ற பெண் போனில் கிடைத்தாள்.

"எங்க டேப்லெட் எல்லாத்துலயும் பிரவுசர் பாதுகாப்பு முறையிலதான் ஓடும். ஓடும்போதே இயந்திர மொழியா மாத்துற வேலைய நிறுத்தி வச்சிருக்கோம்" என்றாள் அவள்.

"அப்ப வெப்அசெம்பிளி?"

"ஓடும். ஒவ்வொரு கட்டளையா படிச்சுப் படிச்சு ஓட்டும். மெதுவா."

"மெதுவான்னா எவ்ளோ மெதுவானு தெரியுமா உங்களுக்கு? ஒரு ஆள் பேச முடியாத அளவுக்கு."

"எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒரு ஆளுக்காக விதிய மாத்த என்னால ஆகாது. விண்ணப்பம் போடுங்க. குழு வசந்த காலத்துல கூடும்."

"அவங்களுக்கு வசந்தம் வருமான்னே தெரியாது."

 "மன்னிச்சிருங்க" என்றாள் மார்கெத்தா. அது வெறும் பேச்சுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அதனால் இல்போ கிடைத்த மூலையிலெல்லாம் வேகத்தைச் சுரண்டினான். தேவையில்லாத கணக்குகளை வெட்டினான். கம்பைலர் என்ற தொகுப்பானுக்குத் தசமக் கணக்கைத் தன் இஷ்டப்படி மாற்றி எழுதிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தான். காகிதத்தில் சமமானவற்றை அது சமமென்றே எடுத்துக்கொண்டு சுருக்கிவிடும். எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மிச்சமானது. 'ஆமா', 'இல்ல', 'தண்ணி' என்று சோதித்தபோது எல்லாம் தெளிவாக வந்தன. அதைத்தான் இன்று கொண்டு வந்திருந்தான்.

புதிய பக்கத்தைத் திறந்து வைத்தான். சானாவின் கண்கள் எழுத்து எழுத்தாக நகர்ந்தன. வெய்க்கோ சுவரில் சாய்ந்து நின்றான்.

"மோய்" என்று வணக்கம் சொன்னது டேப்லெட்.

அவள் குரல். சற்றே மூக்கடைத்தது போன்ற அந்த முடிவு, எப்போதும் பாதிச் சிரிப்போடு நிற்கும் அந்த ஓசை. வெய்க்கோ கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் நீண்ட வாக்கியம் ஒன்று எழுதினாள். திரையில் காத்திருப்புச் சக்கரம் சுழன்று, வெகுநேரம் கழித்துப் பேச்சு தொடங்கியது. முதல் சில வார்த்தைகள் சரியாக இருந்தன. பிறகு குரல் கரகரத்தது. வாக்கியம் நீள நீளத் தகரத்தைத் தேய்ப்பது போலாகி, கடைசி வார்த்தைகளை வேறு யாரோ பேசினார்கள்.

 சானா மறுபடி பழைய குரலுக்கு மாற்றினாள்.

"என் கூட்டல தொட்டியா?" என்றாள் வானிலைக்காரி.

இல்போவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு உறைத்தது. ஒலியலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதைச் சிறு சிறு தசமங்களாகக் கூட்டிக்கொண்டே போகும் வரியில், ஒவ்வொரு முறை கூட்டும்போதும் உதிர்ந்து போகும் நுனியைத் தனியாக எடுத்து வைத்து அடுத்த முறை சேர்க்கும் ஏற்பாட்டைச் சானா எழுதியிருந்தாள். காகிதத்தில் அந்த நுனியின் மதிப்பு எப்போதும் பூச்சியம். கணினியில் அப்படி அல்ல. இஷ்டப்படி மாற்றலாம் என்று அனுமதி வாங்கிய தொகுப்பான் அதைப் பூச்சியம் என்று முடிவு செய்து நீக்கிவிட்டது. சின்ன வார்த்தைகளில் தவறு சேர நேரமில்லை. நீளமான வாக்கியங்களில் மட்டும் சேர்ந்துகொண்டே போனது. அவன் சின்ன வார்த்தைகளை மட்டுமே சோதித்திருந்தான்.

"நான் தொடல, கம்பைலர் தொட்டுருச்சு."

"அத கட்டவிழ்த்து விட்டது யாரு. கழுத."

வெய்க்கோ சிரித்துவிட்டான். அவள் சொல்வதுபோலவே இருந்ததுதான் காரணம். குரல் மட்டும் அவளுடையதல்ல.

இல்போ அங்கேயே உட்கார்ந்து அந்த அனுமதியை நீக்கி மறுபடி தொகுத்தான். வாக்கியம் கடைசி வரை சானாவாகவே இருந்தது. ஆனால் சுரண்டி வைத்த வேகம் போய்விட்டது. திக்காமல் பேச வேண்டுமென்றால் வாக்கியம் பெரும்பாலும் கணக்கிட்டு முடியும்வரை காத்திருந்து அப்புறம்தான் ஒலிக்கத் தொடங்க வேண்டும். ஒரு வரி ஒலிக்கத் தொடங்குவதற்குள் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடிக்கத் தொடங்கிவிடலாம்.

"அடிக்கடி சொல்றத முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிரலாம்" என்றான் இல்போ. "'பசிக்குது', 'தலையணைய மாத்து', அந்த மாதிரி."

"அதுக்கு பேர் பேச்சு இல்ல. டேப் ரெக்கார்டர்."

"வேற வழி இல்ல சானா. நெஜமாவே இல்ல. ஒரு ஓட்டைய அடச்சா இன்னொன்னு தெறக்குது."

அவள் கண்கள் வெய்க்கோவிடம் போய்விட்டு எழுத்துகளுக்குத் திரும்பின. பிறகு, "அப்படியே வை. கேக்கிறவங்க காத்திருக்கட்டும்" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை இல்போ மறுபடி வந்தபோது கண் கருவியைச் சரிபார்க்கச் செவிலிப்பெண் ஒருத்தி வந்திருந்தாள். பெயர் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள், ஆனால் இல்போவுக்கு அது மனதில் நிற்கவில்லை. வெய்க்கோ ஷிப்ட் முடித்து வந்து சட்டை மாற்றாமல் இருந்தான். மூச்சுக்கு உதவும் காற்றழுத்த இயந்திரம் இரவுகளில் சத்தம் போடுவதைப் பற்றி அவனும் செவிலியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சானா, ராத்திரி மூச்சு எப்படி இருக்கு?" என்று செவிலி கேட்டாள்.

சானாவின் கண்கள் நகர்ந்தன. எழுதினாள். கட்டத்தைப் பார்த்தாள். சக்கரம் சுழலத் தொடங்கியது.

செவிலி காத்திருந்தாள். திரையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பரவாயில்ல, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, வெய்க்கோவிடம் திரும்பி முகமூடியின் பட்டை பற்றிக் கேட்டாள். அவன் பதில் சொன்னான். பட்டையிலிருந்து பேச்சு புதிய முகமூடிக்குப் போனது, அங்கிருந்து அதைக் கொண்டுவரும் நாளுக்குப் போனது. இல்போ மட்டும் சுழலும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பேச்சைச் சானாவும் கண்களால் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

செவிலி எழுந்து கோட்டைப் போட்டாள். வெய்க்கோ அவளைக் கூடத்தின் முனைவரை கொண்டுபோய் விட்டான். அவன் முதுகு இவர்களுக்குத் தெரிந்தது. அப்போதுதான் செவிலியின் கேள்விக்கான பதில் வந்தது.

"வெய்க்கோ, நீ பக்கத்துல படுத்தா நல்லா இருக்கு" என்றது சானாவின் குரல்.

வெய்க்கோ சட்டென்று திரும்பினான். நாற்காலியின் பக்கம் திரும்பவில்லை. படுக்கையறைக் கதவைப் பார்த்துத் திரும்பினான். அவன் முகம் முழுக்க வெளிச்சமாகியிருந்தது. அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் நடந்து வருவாள் என்று நினைத்தவனின் முகம் அது. ஒரு கணம்தான். பிறகு அவன் கண்கள் நாற்காலிக்கு வந்தன, டேப்லெட்டுக்கு வந்தன. வெளிச்சம் போய்விட்டது.

சானா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் பார்வையைத் திருப்பிக்கொள்ள முடியாது என்று இல்போ நினைத்தான். பிறகு, முடியும், கண்ணை மட்டும் முடியும், அவள் திருப்பிக்கொள்ளவில்லை என்று தோன்றியது.

"நல்லா... நல்லா கேட்டுச்சு" என்றான் வெய்க்கோ. கிட்டே வந்து அவள் கையைத் தொட்டான். "தெளிவா கேட்டுச்சு, சானா. நெஜமா."

அவள் பழைய குரலுக்கு மாற்றினாள். அதில் காத்திருக்க வேண்டியதில்லை.

"இல்போ. அத எடுத்துடு."

"சானா, மார்கெத்தா கிட்ட இன்னொரு தடவ பேசறேன். வசந்தத்துக்கு முன்னாடி ஒரு..."

"எடுத்துடுடா."

வெய்க்கோ தலை குனிந்து நின்றான். வேண்டாமென்று அவன் சொல்வான் என்று இல்போ எதிர்பார்த்தான். அவன் சொல்லவில்லை. அவள் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தான்.

இல்போ டேப்லெட்டை நோக்கிக் குனிந்து பக்கத்தை மூடினான். பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்திருந்த கோப்புகளை அழிக்கவா என்று கேட்டது. சானாவின் கண்கள் அவன் விரலின் மேல் இருந்தன. அவன் ஆம் என்பதைத் தொட்டான்.

"காபி போடட்டுமா?" என்று வெய்க்கோ யாரிடமும் அல்லாமல் கேட்டான்.

"போடு" என்றாள் வானிலைக்காரி, உடனடியாக.