திரும்பி வந்தால் எங்கே உட்காருவது?

விசா வந்துவிட்டது, வாடகை வீடு அமைந்துவிட்டது, மகளுக்குப் பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனாலும் பம்பு இன்ஜினியர் வெளிநாட்டுத் திட்டத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போடாமல் நாளைக் கடத்தினார். விட்டால் வாய்ப்பு கைநழுவிவிடும். ஏன் இந்தத் தயக்கம் என்று ஹெச்.ஆர். அதிகாரிக்குப் பிடிபடவில்லை. கடைசியில் இன்ஜினியரின் மனைவியையும் வரவழைத்துக் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்குத்தான் போக இஷ்டமில்லையா அக்கா?"

"நான் பெட்டியே கட்டிட்டேன்மா. இவருக்குப் போறதுல பயமில்ல, வர்றதுலதான். இவருக்கு முன்னாடி போயிட்டு வந்த இன்ஜினியரு, தன் சீட்டுல வேற ஆளைப் போட்டுட்டதால உட்கார எடமில்லாம கேன்டீனே கதின்னு கெடந்தாராமே?"

"அவருக்குக் கேன்டீன் மேனேஜர்னு பட்டமே கட்டிட்டாங்க," என்றார் இன்ஜினியர், சிரிக்காமல்.

அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது. போவதற்கு எல்லாம் செய்தவள், வருவதற்கு ஒன்றுமே செய்யவில்லை. நேரே ஆலை மேலாளரிடம் போய்ப் பேசி, பேசியதை ஒப்பந்தத்திலும் சேர்த்தாள்.

மறுநாள் இன்ஜினியர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தப்படி, அவர் இடத்துக்கு வருபவர் தற்காலிகம்தான். மேலாளர் மாதந்தோறும் இன்ஜினியரைப் போனில் அழைத்து இங்கே நடப்பதைச் சொல்வார். திரும்ப ஆறு மாதம் இருக்கும்போதே, பழைய பதவியா அதற்கு மேலா என்று முடிவாகிவிடும்.