ஆடாத நிதி

எங்கள் முதலீட்டு நிறுவனத்தில் மாதத்தின் முதல் வேலைநாள் காலையில் ஒரு கணினி நிரல் தானாக ஓடும். பங்குச்சந்தை நிதி, தங்க நிதி, கடன்பத்திர நிதி, கட்டட நிதி என்று வெளியார் நடத்தும் நான்கு நிதிகள், வாடிக்கையாளர் பணம் அவற்றில்தான். முந்தைய மாதத்தில் ஒவ்வொன்றின் விலையும் தினசரி எவ்வளவு ஆடியது என்று அளந்து, 1 என்ற எண்ணை அந்த அளவால் வகுத்து, வரும் விகிதத்தில் பணத்தைப் பிரிக்கும். அதிகம் ஆடியதற்குக் கொஞ்சம், குறைவாக ஆடியதற்கு நிறைய. இதில் மனிதக் கை படக்கூடாது என்பது மேலாளரின் கொள்கை. அவருக்கு மனிதர்களையே அவ்வளவாகப் பிடிக்காது.

என் மாமனார் தன் ஓய்வுப் பணம் முழுவதையும் இதில் போட்டிருக்கிறார். போடச் சொன்னவள் நான். அடுத்த மாதம் அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை, செலவுக்கு இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அன்று வழக்கம்போல் சரிபார்க்க உட்கார்ந்தேன். அதுதான் என் வேலை, நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். கட்டட நிதிக்குப் போன மாதம் நூற்றுக்கு இருபது. இந்த மாதம் தொண்ணூற்று நான்கு.

நிரல் எழுதுபவரைக் கேட்டேன். கட்டட நிதியின் ஆட்டம் பூஜ்யமாம். பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் நிரல் நின்றுவிட்டதாம். அதனால் அந்த இடத்தில் 0.01 சதவீதம் என்று ஒரு குட்டி எண்ணை வைத்து ஓட்டிவிட்டாராம். பங்குச்சந்தை நிதியின் ஆட்டம் ஒரு சதவீதம், ஆகவே கட்டட நிதிக்கு அதைப்போல் நூறு மடங்கு பணம். வகுத்தலில் பிழையே இல்லை, அதுதான் எரிச்சல்.

கட்டட நிதியின் தினசரி விலைகளைப் பார்த்தேன். மாதம் முழுக்க ஒரே விலை. பதினோரு மணிக்கு வாங்கவும் விற்கவும் சொல்லும் ஆணைகள் போய்விடும். மேலாளரிடம் ஓடினேன். இவ்வளவு அமைதியான நிதி கிடைப்பதே அபூர்வம் என்று அவர் பூரித்துக்கொண்டிருந்தார்.

"சார், அது அமைதியா இல்ல. யாரும் புது விலை போடல, பழசே திரும்பத் திரும்ப வருது."

கொள்கை கொள்கைதான் என்றார். கல்லில் முட்டிக்கொள்வதைவிட மேல் என்று, அந்த நிதியின் அலுவலகத்துக்கு அவர் மேசைத் தொலைபேசியிலிருந்தே அழைத்து, கொஞ்சம் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள் என்று ஒலிபெருக்கியைப் போட்டு அவரைப் பேச வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மிகுந்த மரியாதையுடன் பேசினாள்.

"பணம் எடுக்கறத காலவரையில்லாம நிறுத்தி வச்சிருக்கோம் சார். போடறதா இருந்தா இப்பவே போடலாம்."

மேலாளர் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். பிறகு தன் கையாலேயே ஆணைகளை நிறுத்தினார். நிரல் தானாக நின்றதாகப் பதிவு செய்யச் சொன்னார்.

போன மாதமே கட்டட நிதிக்குப் போன நூற்றுக்கு இருபது அங்கேயேதான் இருந்தது. வீட்டில் மாமனார் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் நான்கு பங்கை எடுக்கலாம், அறுவை சிகிச்சைக்குப் போதும், மிச்சம் எப்போது வரும் என்று தெரியாது என்றேன். ஒரு மாதமாக அந்த நிதியின் விலை ஆடவே இல்லை, அதை நல்லது என்று நிரல் நினைத்துவிட்டது என்றும் சொன்னேன்.

அவர் தைலக் குப்பியை மூடினார்.

"என் முட்டிகூடத்தாம்மா ஆறு மாசமா மடங்கவே இல்ல. அதுவும் நல்லாயிருக்குன்னு எழுதிக்கோ."