அன்றே டெலிவரி

வலது தோள்பட்டையில் யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி இருந்தது. தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் கன்னை நாளெல்லாம் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கு இந்த வலி புதிதில்லை. தலை சீவ இடது கையைப் பழக்கிக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது அவளுக்கு. கார் கழுவும் கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட எட்டு வயது மூத்த பாலிஷ்காரரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார். கேட்டால், "முதலாளிய வேற எப்படிக் கூப்பிடறது?" என்பார். பாதி முதலாளி அவள், மீதிப் பாதி அவள் தம்பி. கழுவுகிற பாதி அவளுடையது, பேசுகிற பாதி அவனுடையது.

மூன்று வாரமாக மழை விட்டபாடில்லை. மழைக்காலத்தில் எவனும் காரைக் கழுவ வரமாட்டான். மேலேயிருந்து இலவசமாகக் கழுவும்போது கைக்காசை எவன் கொடுப்பான்? அதனால்தான் தம்பி மாதச் சந்தா என்று ஆரம்பித்தான். மழையோ வெயிலோ, மாதம் பிறந்ததும் தொகை வந்துவிடும். இருபது பேர் சேர்ந்தால் கடை வாடகையும் பாலிஷ்காரர் சம்பளமும் தேறும். பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள்.

அவர்களைச் சேர்த்தது கடையின் போட்டோவுக்குக் கீழே தம்பி போனில் எழுதிப் போட்ட இந்த நாலு வரிதான்:

"மழையா, வெயிலா? உங்க கார் எப்பவும் புதுசு! மாதச் சந்தா. சில்வர்: 4 ஃபோம் வாஷ். கோல்டு: 4 ஃபோம் வாஷ், வேக்யூம், ஒரு முழு உள் ஷாம்பு. பிளாட்டினம்: கோல்டில் உள்ள எல்லாம், கூடவே ஒரு வேக்ஸ் பாலிஷ். நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை, ஞாயிறு விடுமுறை. 5 கிலோமீட்டருக்குள் பிக்கப் இலவசம். மாலை 5 வரை எடுத்துக்கொள்கிறோம். அன்றே டெலிவரி!"

போடுவதற்கு முன்னால் அக்காவுக்கும் அனுப்பி, சரியா என்று கேட்டான். அவள் அப்போது ஒரு வேனின் சக்கரத்துக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையில் ரப்பர் உறை, உறையில் நுரை. மணிக்கட்டால் திரையைத் தட்டி ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மறுபடி சக்கரத்துக்குள் போய்விட்டாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

பாலிஷ்காரர் படித்தார். அவருக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

"தம்பி, நீ பைக்ல போயி காரை எடுத்துட்டு வருவே. பைக் அங்கயே கிடக்கும். அந்த நேரம் பார்த்து இன்னொருத்தர் கூப்பிட்டா எதுல போவே?"

"மடக்குற சைக்கிள் ஒண்ணு வாங்கி டிக்கில போட்டுக்குவேன்ணே."

"சேத்துச் சக்கரத்தோட, நான் பாலிஷ் போட்ட காரோட டிக்கிலயா? வா, வா. உன்னையும் சேர்த்து மடக்கி வைக்கிறேன்."

தம்பி சிரித்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு அதோடு முடிந்தது.

வினை வந்தது ஒரு புதன்கிழமை, மாலை நாலு நாற்பதுக்கு. பல் டாக்டரம்மா ஒருத்தர் காலையில்தான் கோல்டில் சேர்ந்திருந்தார். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு மாடிக் கட்டடத்தில் அவருடைய கிளினிக். தம்பி போய் முறைப்படி காரைச் சுற்றிப் போட்டோ எடுத்தான். பின் பம்பரில் பழைய கீறல் ஒன்று, பெட்ரோல் பாதி, கிலோமீட்டர் இவ்வளவு, உள்ளே ஒரு குடை, ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி. எல்லாவற்றையும் டாக்டரம்மாவின் போனுக்கு அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொண்டு, பைக்கை அங்கேயே விட்டுவிட்டுக் காரை ஓட்டி வந்தான். வந்து இறங்கும்போதே முகம் கல்யாண வீட்டு முகம்.

"அக்கா, அந்தக் கட்டடத்துல மொத்தம் ஆறு டாக்டர். எல்லாம் கீழதான் நிறுத்துறாங்க. இவங்க கார் எப்படி வருதுன்னு பார்த்துட்டு மத்தவங்களும் சேர்றேன்னு சொல்லியிருக்காங்களாம். ஏழரைக்குக் கொண்டாந்து விடறேன்னு சொல்லிட்டேன். முதல் தடவைங்கறதால உள் ஷாம்புவே போட்டுக் கொடுத்துடலாம். அவங்களும் அதத்தான் கேட்டாங்க."

அக்கா பின்கதவைத் திறந்தாள். புளித்த பால் வாடை மூஞ்சியில் அறைந்தது. பின்சீட்டில் ஒரு பக்கம் தட்டு அளவுக்குக் கறை. துணி சீட். குழந்தை வாந்தி. இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும்.

அவள் வானத்தைப் பார்த்தாள். அது அழுக்குத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏழரைக்கா?"

"ஆமாக்கா."

"ஷாம்பு போட ரெண்டு மணி நேரம். காய எவ்வளவு நேரம்டா?"

தம்பி சீட்டைத் தொட்டுப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் ஒரு சீட்டைக்கூடக் காய வைத்ததில்லை.

"நல்ல வெயில்ல நாலு கதவையும் திறந்து போட்டா நாலு மணி நேரம். இந்த மூட்டத்துல ஒரு முழுப் பகல் வேணும். காயாம கதவைச் சாத்தி ராத்திரி நிறுத்தினா மூணாம் நாள் பூசணம் பிடிச்சு நாறும். அஞ்சு மணி வரைக்கும் எடுப்போம், அன்னிக்கே கொடுப்போம்னு எந்த மடையன் சொன்னான்?"

"எழுதியிருக்குக்கா. நீயும் பார்த்தியே. கட்டைவிரல் போட்டியே."

பாலிஷ்காரர் மெஷினை அணைத்தார். அக்கா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து, அந்த வரிகளை முதல்முறையாக முழுசாகப் படித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். கீழே அவள் அனுப்பிய கட்டைவிரல் விறைப்பாக நின்றது. தம்பியைத் திட்ட வாயெடுத்தவள் அந்த விரலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்றது?" தம்பி குரலை இறக்கினான். "மேலாப்ல ஃபோம் போட்டுத் துடைச்சிட்டு, எலுமிச்சை வாசனைய நாலு தடவை அடிச்சு விட்டுடலாம். இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். அதுக்குள்ள மத்த அஞ்சு பேரும் சேர்ந்துடுவாங்க."

"நாலாம் நாள் ஆறு பேரும் சேர்ந்து வருவாங்க," என்றார் பாலிஷ்காரர். "நம்மள உள் ஷாம்பு போட."

"நீங்க சும்மா இருங்கண்ணே. போன் பண்ணி முடியாதுன்னா இப்பவே விலகிடுவாங்க. பதினொண்ணு பத்தாயிடும்."

அக்கா மறுபடி பின்கதவுக்குள் குனிந்தாள். கறைக்குப் பக்கத்தில் சீட் பெல்ட் பட்டை வரைக்கும் காய்ந்த பால் தெறித்திருந்தது. டாக்டரம்மா இந்த ஒரு இடத்துக்காகத்தான் கோல்டு எடுத்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னினாலும் இந்த வாடையோடு திரும்பினால் வீண்.

"அண்ணே, வெளிய நீங்க ஃபோம் போடுங்க. டேய், நீ உள்ள முழுக்க வேக்யூம் பிடி. முழு சீட்டும் நனையாது. இந்த ஒரு இடத்தை மட்டும் நான் எடுக்கறேன்."

"ஷாம்புனு எழுதி..."

"எழுதினதப் பத்தி நான் பேசிக்கறேன். நீ குழாயப் பிடி."

சந்துகளில் ஒட்டியிருந்த பாலை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தாள். கறையின் மேல் நுரையைக் கொஞ்சமாக வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தாள். நடுவிலிருந்து தேய்த்தால் கறை பரவி வட்டம் விழும். பிறகு உறிஞ்சுகிற மெஷின். கண்ணாடிக் குழாய்க்குள் அழுக்குத் தண்ணீர் டீ நிறத்தில் ஏறியது. வெறும் தண்ணீர் தெளித்து மறுபடி உறிஞ்சினாள். நாலாவது தடவை தண்ணீர் தெளிவாக வந்தது. உலர்ந்த துணியைப் போட்டு முழங்காலால் ஏறி அழுத்தினாள். துணி மாற்றி மறுபடி அழுத்தினாள். பட்டையை முழுசாக வெளியே இழுத்து ஈரத் துணியால் வழித்து, உள்ளே சுருண்டுவிடாமல் கிளிப் போட்டு நிறுத்தினாள். ஏழு மணி வரைக்கும் அந்த ஒரு சாண் இடத்தில் காற்று ஊதும் ப்ளோயர் ஓடியது. தொட்டால் ஜில்லென்று இருந்தது, கையில் ஈரம் ஒட்டவில்லை. அதற்கு மேல் அடியிலிருக்கும் பஞ்சைக் காய வைக்க மனுஷரால் ஆகாது.

ஏழே காலுக்குத் தம்பி காரை எடுத்தான். பக்கத்து சீட்டில் அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா?"

"நீ பேசினா வாக்குறுதி கொடுத்துட்டு வருவே."

டாக்டரம்மா கீழே இறங்கி வந்தபோது முகக்கவசம் இன்னும் தாடையில் தொங்கியது. காரைச் சுற்றி வந்து தலையாட்டினார். பின்கதவைத் திறந்து, முதலில் மூக்கை நீட்டி, பிறகு கையை வைத்தார்.

"இங்க ஈரமா இருக்கு. மத்த இடம் காய்ஞ்சிருக்கே?"

"மத்த இடத்துக்கு ஷாம்பு போடலம்மா," என்றாள் அக்கா. "கறை இருந்த இடத்தை மட்டும் எடுத்தேன். சாயந்திரம் அஞ்சு மணிக்கு வர்ற காருக்கு உள் ஷாம்பு போட்டு அன்னிக்கே காய வைக்க முடியாது. போட்டிருந்தா ரெண்டு நாள்ல இதவிட மோசமா நாறும்."

"ஆனா அஞ்சு மணி வரைக்கும், அன்னிக்கே டெலிவரின்னு போட்டிருந்தீங்களே. அதப் பார்த்துத்தானே சேர்ந்தேன்? காலைல குழந்தைய ஸ்கூல்ல விடணும், கார் வேணும். அப்புறம் கிளினிக்ல ஆள் மாத்தி ஆள். சாவிய எடுத்துக் கொடுக்க நாலு மணிக்கு மேலதான் முடியும்."

"எழுதினது தப்பு. நான் படிக்காமலே சரின்னு சொல்லிட்டேன்."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி செருப்பு நுனியால் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"மூணு நாளா ஜன்னலை இறக்கிட்டு மழைல நனைஞ்சுட்டே ஓட்டினேன்," என்றார் டாக்டரம்மா. மறுபடி குனிந்து மோந்தார். "இப்ப வாடை பாதிக்கு மேல போயிடுச்சு. முழுசா போகல."

"பஞ்சுக்குள்ள இருக்கும்மா. முழு ஷாம்பு போட்டாத்தான் போகும். ராத்திரி ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைங்க, கூரைக்கு அடியில நிறுத்துங்க. துண்டு விரிச்சிருக்கேன், குழந்தைய இந்தப் பக்கம் ஒரு நாள் உட்கார வைக்காதீங்க."

"சரி. முழுசா எப்ப?"

"காலைல எட்டு மணிக்குக் கொடுத்தா சாயந்திரம் காய்ஞ்சு வந்துடும்."

"எட்டு மணிக்கு முடியாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? ஞாயித்துக்கிழமைன்னா நாள் முழுக்க வீட்லதான் நிக்கும்."

ஞாயிறு விடுமுறை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அக்கா கையைத் தொங்கப்போட்டுப் படுக்கிற நாள். தம்பி அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அவனாக எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

"ஞாயிறு கொடுங்கம்மா," என்றாள் அவள்.

"மத்த டாக்டருங்க கேட்டா என்ன சொல்லட்டும்?"

"நடந்தத சொல்லுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ஞாயித்துக்கிழமை ஆகட்டும், அப்புறம் சொல்றேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினார்.

பைக் பக்கத்தில் நின்றபடியே தம்பி போனைத் திறந்தான். அக்கா சொல்லச் சொல்ல அடித்தான். 'உள் ஷாம்பு வேண்டிய காரைக் காலை 9 மணிக்குள் எடுப்போம். மழை நாளில் மறுநாள்தான் தருவோம். வெளிப்பக்கம் மட்டும் என்றால் மாலை 5 வரை எடுப்போம், அன்றே டெலிவரி.' முடித்ததும் போனை அவளிடம் நீட்டினான். அவள் ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தாள்.

"'மழை நாளில்'னு போட்டா யாராவது சேருவாங்களாக்கா? படிக்கவே பயமா இருக்கு."

"சேர்றவன் சேருவான். போடு."

போட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு சில்வர்காரர், அப்போ என் காரை அஞ்சு மணிக்கே எடுப்பீங்கதானே என்று கேட்டிருந்தார். எடுப்போம் என்று பதில் போனது. டாக்டரம்மா கட்டடத்திலிருந்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு பேர் பதினோரு பேராகவே இருந்தார்கள்.

சனிக்கிழமை ராத்திரி பிடித்த மழை ஞாயிறு முழுக்க விடவில்லை. தம்பி போன் பண்ணி, இன்றைக்குப் போட்டால் காயாது என்று அவனாகவே சொன்னான். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அவருடைய கோல்டில் இந்த மாதத்துக்கு இன்னும் மூன்று ஃபோம் வாஷ் மிச்சம். அவருக்கு ஒரு முழு உள் ஷாம்பு இன்னும் பாக்கி.